தளத்துக்கு எத்தனை கம்பி, எத்தனை கிலோ?

வீடு கட்டுகிறவர் கைக்கு வரும் கட்டமைப்பு வரைபடத்தில், தளத்தின் கம்பி பற்றி இரண்டே வரிதான் இருக்கும். ‘மெயின் கம்பி 10 மி.மீ., 150 சி/சி, ஒன்றுவிட்டு ஒன்று கிராங்க். டிஸ்ட்ரிபியூஷன் 8 மி.மீ., 200 சி/சி.’ சி/சி என்றால் ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை உள்ள தூரம், மில்லிமீட்டரில். இந்த இரண்டு வரியிலிருந்துதான் கடையில் எத்தனை கிலோ வாங்குவது, எந்த நீளத்தில் வெட்டுவது, கான்கிரீட் போடும் முன்பு எதை எண்ணிப் பார்ப்பது என்ற எல்லாமும் வருகிறது. வீட்டுக்காரரே ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு போடக்கூடிய கணக்குதான் இது. பெருக்கலும் வகுத்தலும் தவிர இதில் வேறு கணிதம் கிடையாது. ஆனால் தப்புவதற்கு வாய்ப்புள்ள இடங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று, எடையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படவே படாது.

ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். உள்அளவு அகலம் 3 மீட்டர், நீளம் 7 மீட்டர். நாலு பக்கமும் 230 மி.மீ. செங்கல் சுவர், அதாவது நாம் ஒன்பது அங்குலச் சுவர் என்பது. தளம் சுவரின் முழு அகலத்திலும் உட்காருகிறது. அப்படியானால் தளத்தின் வெளிஅளவு 3.46 மீட்டருக்கு 7.46 மீட்டர். கனம் 125 மி.மீ. அடியிலும் மேலிலும் கம்பிக்கு 20 மி.மீ. கவர், கம்பியின் முனைகளில் 25 மி.மீ. கவர்.

நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால் இது ஒருவழித் தளம். மேலே நிற்கும் பாரம் எல்லாம் 3 மீட்டர் தூரத்தைத் தாண்டி இரண்டு நீளச் சுவர்களுக்குத்தான் போய்ச் சேருகிறது. குறுகிய வழி இருக்கும்போது பாரம் 7 மீட்டர் வழியைத் தேடுவதில்லை. ஆகவே மெயின் கம்பி குறுகிய பக்கமாக, ஒரு நீளச் சுவரிலிருந்து எதிரே உள்ள நீளச் சுவருக்குப் போக வேண்டும். டிஸ்ட்ரிபியூஷன் கம்பி அதற்குக் குறுக்கே, கூடத்தின் நீளவாக்கில், மெயின் கம்பியின் மேல் படுக்கும். அது பாரத்தைப் பக்கத்துக் கம்பிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். கான்கிரீட் காயும்போது சுருங்கி விரிசல் விடாமலும் பிடித்துக்கொள்ளும்.

இப்போது எண்ணிக்கை. மெயின் கம்பியின் நீளத்தைத் தருவது கூடத்தின் அகலம். அதன் எண்ணிக்கையைத் தருவது கூடத்தின் நீளம். பலருக்கு முதல் தடுமாற்றம் இங்கேதான். கம்பிகள் 7.46 மீட்டர் நெடுக வரிசையாக அடுக்கப்படுகின்றன என்று மனதில் ஒரு தரம் பார்த்துக்கொண்டால் தெளிந்துவிடும்.

இரண்டு முனையிலும் 25 மி.மீ. கழித்தால் 7,410 மி.மீ. அதை 150 ஆல் வகுத்தால் 49.4. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கை இது. அரை இடைவெளி என்று ஒன்று இல்லை. 49 என்று குறைத்தால் ஒவ்வொரு இடைவெளியும் வரைபடம் சொன்ன 150 ஐத் தாண்டிவிடும். அதனால் 50. வேலிக்குக் கல் நடுகிறவர்களுக்குத் தெரியும், பத்து இடைவெளி வேண்டுமானால் பதினோரு கல் வேண்டும் என்று. அதே கணக்கில் 50 இடைவெளிக்கு 51 கம்பி. இந்த ஒன்றைக் கூட்ட மறப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஒரு கம்பிதானே என்று தோன்றும். ஆனால் விடுபடுவது பெரும்பாலும் சுவரை ஒட்டிய கடைசிக் கம்பி.

51 இல் ஒன்றுவிட்டு ஒன்று கிராங்க். இரண்டு ஓரத்திலும் நேர்க் கம்பி வருமாறு தொடங்கினால் நேர்க் கம்பி 26, கிராங்க் கம்பி 25.

கிராங்க் என்பது ஏன்? தளத்தின் மேல் பாரம் ஏறும்போது நடுப்பகுதி கீழே தொய்யப் பார்க்கும். அங்கே அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எனவே நடுவில் கம்பி எல்லாம் அடியில் வேண்டும். சுவரை நெருங்க நெருங்க அந்த இழுப்பு குறைந்துவிடும். அதே நேரத்தில், தளத்தின் ஓரத்தை மேலே எழும் சுவரோ கைப்பிடிச் சுவரோ அழுத்திப் பிடித்திருக்கும். தளம் தொய்யும்போது ஓரம் சற்றே திரும்பப் பார்க்கும், சுவர் விடாது. அதனால் சுவரின் உள்முகத்தை ஒட்டித் தளத்தின் மேல்பக்கம் இழுபடும். அடியில் வேலை முடிந்த கம்பிகளில் பாதியை அப்படியே மேலே தூக்கிவிட்டால் அந்த இழுப்புக்கும் ஆள் கிடைத்துவிடுகிறது. மற்ற பாதி அடியிலேயே சுவர்வரை போகிறது. நம் தளத்தில் அடியில் மிஞ்சும் நேர்க் கம்பிகளுக்கு நடுவே 300 மி.மீ. இடைவெளி வரும். மெயின் கம்பியின் இடைவெளி தளத்தின் பயன்படு ஆழத்தைப்போல் மூன்று மடங்கையோ 300 மி.மீ. யையோ தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. இங்கே பயன்படு ஆழம் 100 மி.மீ. என்பதால் இரண்டும் ஒன்றே. 150 ஐக் கொஞ்சம் தாராளமாக 165 ஆக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், ஓரத்தில் இந்த எல்லை மீறப்படுகிறது என்று அர்த்தம்.

நீளத்துக்கு வருவோம். நேர்க் கம்பி சுலபம். 3,460 இலிருந்து இரு முனைக் கவர் 50 ஐக் கழித்தால் 3,410 மி.மீ.

கிராங்க் கம்பி அதே தூரத்தைத்தான் கடக்கிறது, ஆனால் வழியில் இரண்டு இடத்தில் சரிந்து ஏறுகிறது. எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதில் கவனம் வேண்டும். தளத்தின் கனம் 125 தான், ஆனால் கம்பி 125 ஏறுவதில்லை. அடிக் கவர் 20, மேல் கவர் 20, கம்பியின் கனம் 10. இவற்றைக் கழித்தால் 75 மி.மீ. 45 பாகையில் 75 ஏறினால் சரிவின் நீளம் 106 மி.மீ. நேரே போயிருந்தால் அந்த இடத்தில் 75 தான் தேவைப்பட்டிருக்கும். ஆக, ஒரு கிராங்கினால் கூடுவது 31 மி.மீ. சொச்சம். ஒவ்வொரு தடவையும் இப்படிப் போடாமல், ஏறும் உயரத்தின் 0.42 மடங்கு என்று எடுத்துக்கொள்வார்கள், அதன்படி 31.5. இரு முனைக்கும் சேர்த்து 63. எனவே கிராங்க் கம்பியின் நீளம் 3,473 மி.மீ.

இதைத் துண்டு துண்டாகவும் சரிபார்க்கலாம். நம் வரைபடத்தில் சுவரின் உள்முகத்திலிருந்து 450 மி.மீ. தள்ளிக் கம்பி ஏறத் தொடங்குகிறது. தூரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் 450 போக, அடியில் நேராகக் கிடப்பது 2,100. சரிவு இரண்டும் 212. மேலே ஏறியபின் சுவருக்குள் போகும் கை ஒவ்வொன்றும் 580. கூட்டினால் 3,472. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் 0.42 என்ற முழுமையாக்கலில் வந்தது. கம்பி கூர்முனையாக மடங்காமல் உருண்டு வளைவதால் இன்னும் சில மில்லிமீட்டர் குறையும். எஸ்டிமேட்டில் அதை விட்டுவிடலாம்.

பழைய பாடப்புத்தகங்களைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஒவ்வொரு கம்பிக்கும் இரு முனைக் கொக்கிக்காக விட்டத்தைப்போல் 18 மடங்கு, அதாவது 180 மி.மீ. சேர்ப்பார்கள். வழவழப்பான மைல்டு ஸ்டீல் கம்பி இருந்த காலத்துப் பழக்கம் அது. கொக்கி இல்லாவிட்டால் கம்பி கான்கிரீட்டிலிருந்து நழுவிவிடும். மேடு பள்ளம் உள்ள இன்றைய டி.எம்.டி. கம்பிக்குத் தளத்தில் பொதுவாகக் கொக்கி வேண்டியதில்லை. வரைபடத்தில் கொக்கி இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் வேண்டாம். நம் தளத்தில் அது ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டும்.

சில தளங்களில் மேஸ்திரி எல்லாக் கம்பிக்கும் ஒரே முனையில் கிராங்க் போட்டு, ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியும் திருப்பிப் போடுவார். ‘ஒன்றுவிட்டு ஒன்று’ என்பதை அப்படியும் செய்யலாம். வளைக்கிறவருக்கு ஒரே அச்சு, வேலை வேகமாக நடக்கும். எடை மாறுமா என்றால், நம் முறையில் 25 கம்பிக்கு 50 கிராங்க். அவர் முறையில் 51. வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர் கம்பி. இதற்காகச் சண்டை போட வேண்டாம். இரண்டு சுவரின் மேலும் சமமாகக் கை ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

டிஸ்ட்ரிபியூஷன் கம்பியில் நீளம் 7,410 மி.மீ. எண்ணிக்கை இப்போது அகலத்திலிருந்து வருகிறது. 3,410 ஐ 200 ஆல் வகுத்தால் 17.05. விதியை எழுத்துப்படி பிடித்தால் 18 இடைவெளி, 19 கம்பி. ஆனால் அந்த 0.05 என்பது மொத்த அகலத்தில் பத்து மில்லிமீட்டர். 17 இடைவெளியாகவே வைத்தால் ஒவ்வொன்றும் 200.6 மி.மீ. ஆகும். டிஸ்ட்ரிபியூஷன் கம்பிக்கு விதி அனுமதிக்கும் இடைவெளி 450 வரை. அளவிலும், குறைந்தபட்சம் தளத்தின் குறுக்குவெட்டில் 0.12 சதவீதம், மீட்டருக்கு 150 சதுர மி.மீ. இருந்தால் போதும், 8 மி.மீ. கம்பியை 200 இல் போட்டால் 250 வருகிறது. எனவே இங்கே 18 கம்பி போதும் என்பதே என் தீர்ப்பு. மெயின் கம்பியில் 49.4 ஐக் கீழே இறக்க ஒப்பாத நான் இங்கே ஒப்புவதற்கு இதுதான் காரணம்.

18 உடன் டிஸ்ட்ரிபியூஷன் முடிந்தது என்று கணக்கை மூடிவிடுகிறவர்கள் நிறைய. முடியவில்லை. மேலே ஏறிய கிராங்க் கைகள் இருக்கின்றனவே, 580 மி.மீ. நீளத்துக்கு, 300 மி.மீ. க்கு ஒன்றாக அந்தரத்தில் நீட்டிக்கொண்டு. அவற்றைக் குறுக்கே பிணைக்கவும் கம்பி வேண்டும். 580 ஐ 200 ஆல் வகுத்தால் 2.9, அதை 3 ஆக்கி ஒன்று கூட்டினால் 4. இரண்டு சுவருக்கும் 8. ஆக மொத்தம் 26 டிஸ்ட்ரிபியூஷன் கம்பி. இந்த எட்டை விடுவது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே விடுவது.

வரைபடத்தின் மேல்பார்வையில் இந்த எட்டுக் கம்பிகள் கண்ணில் படாது. வெட்டுத்தோற்றத்தில் மேல் கையின் கீழே நாலு சின்னப் புள்ளியாக மட்டும் இருக்கும். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கான்கிரீட் போடும் நாளில் நேரிலேயே பார்க்கலாம். பிணைப்பில்லாத ஒரு கைமேல் சட்டி தூக்கும் ஆள் கால் வைத்தால், அது அப்படியே படுத்துக் கீழ்க் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். மேலே வந்த கான்கிரீட் அதை மூடிவிடும். கம்பி தளத்துக்குள் இருக்கும், கணக்கிலும் எடையிலும் இருக்கும், இருக்க வேண்டிய உயரத்தில் இருக்காது. பின்னர் மாடியில் சுவரை ஒட்டி, அதற்கு இணையாக ஒரு மயிரிழை விரிசல் ஓடும். மழைநீர் அந்த வழியாக இறங்கும். எட்டுக் கம்பியைக் கட்டிய பின்னும் அவற்றின் கீழே மீட்டருக்கு ஒன்றாக வளைத்த சேர் வைத்தால்தான் கைகள் நிற்கும். கிராங்க் மிதிபட்டுப் போவதை நம்பிப் பயனில்லை என்றே இப்போது பல வரைபடங்களில் அடிக் கம்பியை நேராகவே விட்டுவிட்டு, மேல்பக்கத்துக்குத் தனித் துண்டுக் கம்பி கொடுக்கிறார்கள். அப்போதும் அவற்றுக்குக் குறுக்கே இந்த எட்டு வேண்டும்.

எடைக்கு ஒரே சூத்திரம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். ஒரு கன மீட்டர் இரும்பு 7,850 கிலோ என்பதிலிருந்து வந்த எண் அது. 10 மி.மீ. கம்பிக்கு 100 ஐ 162 ஆல் வகுக்க 0.617 கிலோ, 8 மி.மீ. க்கு 64 ஐ வகுக்க 0.395.

நேர்க் கம்பி 26, ஒவ்வொன்றும் 3.41 மீட்டர் என்றால் 88.66 மீட்டர். கிராங்க் 25, ஒவ்வொன்றும் 3.473 என்றால் 86.83. சேர்த்து 175.49 மீட்டர், எடை 108.3 கிலோ. டிஸ்ட்ரிபியூஷன் 26, ஒவ்வொன்றும் 7.41 என்றால் 192.66 மீட்டர், எடை 76.1 கிலோ. மொத்தம் 184.4 கிலோ. இந்தத் தளத்தின் கான்கிரீட் 3.23 கன மீட்டர். கன மீட்டருக்கு 57 கிலோ கம்பி வருகிறது, கன அளவில் 0.73 சதவீதம். சாதாரண வீட்டுத் தளத்துக்கு 0.7 முதல் 1 சதவீதம் என்பது எஸ்டிமேட் போடுகிறவர்களின் கைக்கணக்கு. அதற்குள் இருப்பதால் பெரிய பிழை இல்லை என்று கொள்ளலாம்.

கொள்ளலாம்தான், ஆனால் ஒன்றைச் செய்து பாருங்கள். வேண்டுமென்றே திசையை மாற்றிப் போடுவோம். 10 மி.மீ. கம்பியைக் கூடத்தின் நீளவாக்கில் வைத்தால், 3,410 ஐ 150 ஆல் வகுக்க 22.7, 23 இடைவெளி, 24 கம்பி. ஒவ்வொன்றும் 7.41 மீட்டர் என்றால் 177.84 மீட்டர், 109.7 கிலோ. சரியான கணக்கில் வந்தது 108.3. ஒன்றரைக் கிலோதான் வித்தியாசம்! தளத்தின் பரப்பை இடைவெளியால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் கிடைத்துவிடுகிறது. கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அதில் வருவதே இல்லை. கடைப் பில் சரியாக இருக்கும், எடைச் சீட்டு சரியாக இருக்கும், சதவீதம் சரியாக இருக்கும். ஆனால் 3 மீட்டர் வழியில் பாரத்தைத் தாங்க 10 மி.மீ. கம்பி 150 இல் இருக்க வேண்டிய இடத்தில், 8 மி.மீ. கம்பி 200 இல் கிடக்கும். மீட்டருக்கு 524 சதுர மி.மீ. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் 251, பாதிகூட இல்லை.

எண்ணிப் பார்த்தால்தான் இது தெரியும். நீளச் சுவரோரமாக நடந்து 10 மி.மீ. கம்பிகளின் முனைகளை எண்ணினால் 51 வர வேண்டும். 10 மி.மீ. கம்பி சென்டரிங் பலகைக்கு அருகில், கவர் பிளாக்கின்மேல் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும், 8 மி.மீ. அதன் மேலே. அடுக்கு மட்டும் தலைகீழாகிவிட்டாலும், திசை சரியாக இருந்தாலும், பயன்படு ஆழம் 100 இலிருந்து 92 ஆகக் குறைந்துவிடும்.

இனி வாங்குவது. கம்பி கடையில் பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வரும். 184 கிலோ தேவை, ஐந்து சதவீதம் கழிவு சேர்த்து 194 கிலோ என்று எழுதிக்கொடுத்தால் தளத்தில் கம்பி போதாமல் நிற்கும். 12 மீட்டரில் நம் மெயின் கம்பி மூன்றுதான் வெட்ட முடியும். ஒன்றரை மீட்டருக்கு மேல் துண்டு மிஞ்சும். 51 கம்பிக்கு 17 முழுக் கம்பி, 204 மீட்டர், 125.9 கிலோ. 8 மி.மீ. இல் ஒரு முழுக் கம்பிக்கு ஒரு 7.41 போக 4.59 மீட்டர் மிஞ்சும். அப்படியே ஒன்றுக்கொன்று வெட்டினால் 26 முழுக் கம்பி, 123 கிலோ வாங்க வேண்டியிருக்கும். மிஞ்சிய துண்டு இரண்டை, விட்டத்தைப்போல் 50 மடங்கு, அதாவது 400 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று படுமாறு லேப் கொடுத்து இணைத்தால் இன்னொரு கம்பி ஆகிவிடும். இரண்டு முழுக் கம்பிக்கு மூன்று. அந்த வகையில் 18 முழுக் கம்பி போதும், 85.3 கிலோ. லேப் எல்லாம் ஒரே கோட்டில் விழாமல் இப்படியும் அப்படியுமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஆக, தளத்துக்குள் போவது 186 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வண்டியில் வருவது 211 கிலோ. இதோடு சேருக்கான துண்டுகளும், இரண்டு கிலோ கட்டுக் கம்பியும்.

மிஞ்சும் 10 மி.மீ. துண்டுகள் 17 இருக்கும், ஒவ்வொன்றும் 1.6 முதல் 1.8 மீட்டர். மூன்றடி வாசலின் லிண்டலுக்கு 1.2 மீட்டர் கம்பி போதும் என்பதால் இவை அங்கே நன்றாகப் பொருந்தும். சங்கடம் என்னவென்றால் லிண்டல் தளத்துக்கு முன்பே முடிந்திருக்கும். ஒரு மாடிக்கு மேல் கட்டுகிறவர்கள் அடுத்த மாடி லிண்டலின் வெட்டுப் பட்டியலையும் இதோடு சேர்த்தே போட்டுவிட்டால், அந்தப் பதினேழரைக் கிலோ பழைய இரும்புக் கடைக்குப் போகாது.

கம்பி இறங்கும்போது எடையையும் எண்ணிக்கையையும் இரண்டையும் வாங்குங்கள். 10 மி.மீ. முழுக் கம்பி ஒன்று கணக்குப்படி 7.4 கிலோ, 8 மி.மீ. 4.74 கிலோ. 10 மி.மீ. வரையுள்ள கம்பிகளில் ஒரு லாட்டின் எடை ஏழு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஐ.எஸ். 1786 அனுமதிக்கிறது. அதன்படி 10 மி.மீ. கம்பி சராசரியாக 6.9 கிலோ வரை இறங்கலாம். எடை போட்டு விற்கும் கடையில் மெலிந்த கம்பியால் உங்களுக்குப் பண நட்டம் இல்லை, எண்ணிக்கை கூடக் கிடைக்கும். எண்ணிக்கையை 7.4 ஆல் பெருக்கிப் பில் போடும் கடையில், 17 கம்பிக்கு 126 கிலோவின் விலை கொடுத்துவிட்டு 117 கிலோ வாங்கி வருவீர்கள். வண்டியை எடை மேடையில் ஏற்றி, நிகர எடையைக் கம்பி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வெவ்வேறு விட்டக் கம்பிகள் ஒரே வண்டியில் வந்தால் தனித்தனிக் கட்டாக எடை போடச் சொல்ல வேண்டும். 10 மி.மீ. இன் சராசரி 6.9 க்கும் கீழே வந்தால் அந்த லாட்டை இறக்காமல் திருப்பி அனுப்பலாம்.